‘தொலைந்துவிட்டது’ என்று எழுதலாமா? வராத பெட்டிக்கு ஜெர்மனில் ஒரு மின்னஞ்சல்

கேள்வி:

என் அம்மா சென்னையிலிருந்து ஹாம்பர்க்கிற்கு எங்களைப் பார்க்க வந்தார். பெட்டி வரவில்லை, இன்றோடு ஆறு நாள். விமான நிலையத்தில் ஒரு படிவம் எழுதி வாங்கிக்கொண்டு ஓர் எண் கொடுத்தார்கள். கீழே உள்ளதைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். இதை அப்படியே ஜெர்மனில் மொழிபெயர்த்து அனுப்பலாமா? எனக்கு ஜெர்மன் பேச்சளவில்தான் தெரியும்.

‘ஐயா, வணக்கம். என் தாயார் வெள்ளிக்கிழமை இரவு சென்னையிலிருந்து புறப்பட்டு ஹாம்பர்க் வந்தார். எங்கள் பெட்டி தொலைந்துவிட்டது. எங்கு கேட்டும் கிடைக்கவில்லை. அதில் பட்டுப்புடவைகள், மருந்துகள், நெய், பொடி வகைகள் இருந்தன. மதிப்பு சுமார் 80,000 ரூபாய். மாற்று உடைகூட இல்லாமல் மிகுந்த மன உளைச்சலில் இருக்கிறோம். தயவுகூர்ந்து உடனே ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.’

பதில்:

அப்படியே வேண்டாம். தமிழில் குறையில்லாத கடிதம்தான். ஆனால் ஒவ்வொரு வரியையும் ஜெர்மனுக்குக் கொண்டுபோகும்போது அது வேறு பொருள் கொள்கிறது. இரண்டு இடங்களில் உங்களுக்கே எதிராகத் திரும்புகிறது.

முதல் சிக்கல் ‘தொலைந்துவிட்டது’ என்ற சொல்லில் இருக்கிறது. தமிழில் பெட்டி வரவில்லை என்றாலே தொலைந்துவிட்டது என்று சொல்லிவிடுகிறோம். நாளைக்கே வந்து சேர்ந்தால் ‘தொலைந்த பெட்டி கிடைத்துவிட்டது’ என்போம். யாருக்கும் முரணாகத் தோன்றாது. விமான நிறுவனத்தின் மேசையில் அப்படி இல்லை. அங்கே வராத பெட்டிக்கு இரண்டு நிலைகள் உண்டு: தாமதம், இழப்பு. ஜெர்மனில் முன்னது ஃபெர்ஷ்பேட்டுங், பின்னது ஃபெர்லுஸ்ட். பெயர் மட்டும் வேறு என்று நினைக்காதீர்கள். கேட்கக்கூடிய பணம், அதற்கான கெடு, காட்ட வேண்டிய சான்று எல்லாமே வேறு.

இந்தப் பிரிவினை 1999ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கையிலிருந்து வருகிறது. இந்தியா, ஜெர்மனி இரண்டும் அதில் உறுப்பினர்கள்; உங்கள் அம்மாவின் பயணத்துக்கு அதுதான் சட்டம். வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 21 நாள் கழிந்தும் பெட்டி வராவிட்டால், அல்லது நிறுவனமே அதற்கு முன்பு தொலைந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டால், இழப்பு என்று கொண்டு உரிமை கோரலாம் என்கிறது அதன் 17ஆம் உறுப்பு. அதுவரை அது தாமதம். ஆறாம் நாளில் ‘தொலைந்த பெட்டிக்கு 80,000 ரூபாய் கொடுங்கள்’ என்று எழுதினால், ‘தேடுதல் நடந்துகொண்டிருக்கிறது, பொறுத்திருக்கவும்’ என்ற அச்சடித்த பதில் வரும். அவர்கள் சொல்வதில் தவறும் இருக்காது. ஆனால் தாமதத்துக்காக இன்றைக்கே கேட்டிருக்கக்கூடிய பணத்தை நீங்கள் கேட்காமல் விட்டிருப்பீர்கள்.

ஆகவே இது ஒரு கடிதம் அல்ல, இரண்டு. இப்போது தாமதக் கடிதம். 21 நாளும் கடந்துவிட்டால் இழப்புக் கடிதம். புடவையும் 80,000 ரூபாயும் இரண்டாவதற்கு உரியவை. அவற்றை எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள்.

ஜெர்மனில்தான் எழுத வேண்டுமா என்றால், கட்டாயமில்லை. ஆங்கிலத்தில் எழுதினாலும் பெரும்பாலான நிறுவனங்கள் பதில் தரும். ஆனால் ஹாம்பர்க்கில் உங்கள் கோப்பைத் திறந்து பார்ப்பவர் ஜெர்மன் பேசுபவர். விவகாரம் நீண்டு சமரச அமைப்புக்கோ நீதிமன்றத்துக்கோ போனால் அங்கே வழங்கும் மொழியும் ஜெர்மன்தான். முதல் கடிதமே ஜெர்மனில் இருந்தால் பிறகு எதையும் மொழிபெயர்த்து இணைக்க வேண்டியிருக்காது. அந்த அளவில் நீங்கள் நினைத்தது சரி.

இனி உங்கள் வரிகளுக்கு வருகிறேன்.

‘வெள்ளிக்கிழமை இரவு’ என்று எழுதியிருக்கிறீர்கள். சென்னையிலிருந்து மேற்கே போகும் விமானங்களில் பல நள்ளிரவு தாண்டித்தான் கிளம்புகின்றன. வீட்டில் சாப்பிட்டுவிட்டு, எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு புறப்பட்டது வெள்ளிக்கிழமை. விமானம் தரையைவிட்டு எழுந்தது சனிக்கிழமை அதிகாலை இரண்டு மணிக்கு. நமக்கு அது வெள்ளிக்கிழமை இரவுதான். டிக்கெட்டில் சனிக்கிழமை. ஜெர்மனில் வெள்ளிக்கிழமைத் தேதியைப் போட்டால், அந்த நாளின் பயணிகள் பட்டியலில் உங்கள் அம்மாவின் பெயர் இருக்காது. இந்த ஒரு நாள் பிழையால் ‘இப்படி ஒரு பயணி இல்லை’ என்று திரும்பிவந்த கடிதத்தை நான் பார்த்திருக்கிறேன். கிழமையே வேண்டாம், போர்டிங் பாஸில் உள்ள தேதியைப் பார்த்து அப்படியே எழுதுங்கள். விளக்க வசதிக்காக, ஹாம்பர்க் வந்திறங்கிய நாள் 8.3.2025 சனிக்கிழமை என்றும், நீங்கள் எழுதும் நாள் 14.3.2025 என்றும் வைத்துக்கொள்கிறேன்.

‘என் தாயார்’, பிறகு ‘எங்கள் பெட்டி’, ‘உளைச்சலில் இருக்கிறோம்’, கடைசியில் ‘கேட்டுக்கொள்கிறேன்’. தமிழில் குடும்பம் முழுவதும் ஒரே குரலாக ஒலிக்கிறது. படிக்க இதமாகவும் இருக்கிறது. ஜெர்மன் அதிகாரி தேடுவதோ பயண ஒப்பந்தம் யாருடையது என்பதை மட்டும். அது உங்கள் அம்மா. நீங்கள் உங்கள் பெயரில் எழுதினால், அவர் சார்பாக எழுத அதிகாரக் கடிதம் எங்கே என்று முதலில் கேட்பார்கள். அதிலேயே பத்து நாள் போய்விடும். அம்மாவே எழுதுவதாக, ‘நான்’ என்று எழுதிவிடுங்கள். பெயரும் டிக்கெட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். நம் ஊரில் முன்னெழுத்துப் போட்டுக் கையெழுத்திடுவோம். டிக்கெட்டில் அந்த முன்னெழுத்து அப்பா பெயராகவோ கணவர் பெயராகவோ விரிந்து, குடும்பப் பெயர் என்ற இடத்தில் உட்கார்ந்திருக்கும். தேடும் மென்பொருளில் அவர்கள் தட்டுவது அந்தக் குடும்பப் பெயரைத்தான்.

அந்த மென்பொருளைப் பற்றி ஒரு சொல். விமான நிலையத்தில் நீங்கள் எழுதிக்கொடுத்தது பி.ஐ.ஆர். எனப்படும் அறிக்கை. அது வேர்ல்ட் டிரேசர் என்ற உலகளாவிய தேடல் அமைப்பில் பதிவாகியிருக்கும். உங்களுக்குத் தந்த எண் `HAMXX12345` என்ற வடிவத்தில் இருக்கும்: முதல் மூன்று எழுத்து புகார் பதிந்த விமான நிலையம், அடுத்த இரண்டு விமான நிறுவனத்தின் குறி, பிறகு ஐந்து இலக்கம். இதைத் தவிர, சென்னையில் பெட்டியைக் கொடுத்தபோது போர்டிங் பாஸின் பின்புறம் ஒட்டிக்கொடுத்த சிறிய சீட்டு ஒன்று உண்டு. அதில் உள்ளது பெட்டியின் எண். இரண்டும் வேறு வேறு. முதலாவது உங்கள் புகாருக்கான எண், இரண்டாவது பெட்டிக்கான எண். இரண்டையும் தலைப்பு வரியிலேயே கொடுங்கள்.

```
Betreff: Gepäckverspätung – Ankunft Hamburg 08.03.2025 –
Ref. HAMXX12345 – Gepäck-Nr. XX123456
```

தலைப்பில் ‘புகார்’ என்று எழுதத்தான் கை போகும். அதற்கு ஜெர்மனில் பெஷ்வேர்டெ என்று ஒரு சொல் இருக்கிறது. ஆனால் சாப்பாடு சரியில்லை, பணியாளர் முகம் கொடுத்துப் பேசவில்லை என்பதெல்லாமும் பெஷ்வேர்டெதான். அப்படித் தலைப்பிட்டால், வருத்தம் தெரிவித்துப் பதில் எழுதும் பிரிவுக்குப் போக வாய்ப்பு அதிகம். ‘பயணப்பெட்டி தாமதம்’ என்று பொருளையே தலைப்பாக்கினால் பெட்டிப் பிரிவுக்குப் போகும்.

அடுத்தது ‘பெட்டி’. அகராதியைப் பார்த்துச் சொல்லுக்குச் சொல் போட்டவர் ஒருவர் அதைக் கிஸ்டெ என்று எழுதியிருந்தார். அது பழம் அடுக்கும் மரப்பெட்டி. பயணப்பெட்டி என்றால் கோஃபர். ஜிப் வைத்த துணிப்பை என்றால் ரைஸெடாஷெ. கடினமான ஓடு உள்ளதா, மெத்தென்ற துணியா, என்ன நிறம், எத்தனை சக்கரம் என்பவையும் பி.ஐ.ஆரில் நீங்கள் சொன்னதோடு ஒத்துப்போக வேண்டும். அங்கே கறுப்பு என்று சொல்லிவிட்டு இங்கே கருநீலம் என்று எழுதினால் இரண்டு பெட்டி என்று எண்ணிக்கொள்வார்கள். அதோடு, ‘எங்கு கேட்டும் கிடைக்கவில்லை’ என்பதை நேராக ஜெர்மனில் வைத்தால் ‘நான் தேடியும் அதைக் கண்டுபிடிக்கவில்லை’ என்று ஆகிவிடும். ஏதோ உங்கள் கையிலிருந்து நழுவியதுபோல. பெட்டியைக் கொடுத்தது நீங்கள், கொண்டுவந்து சேர்க்க வேண்டியது அவர்கள். அந்தப் பொறுப்பு ஜெர்மன் வாக்கியத்தில் ஒரே ஒரு பெயரடையில் அடங்கும்: ஆஃப்கெகேபன், அதாவது ‘ஒப்படைக்கப்பட்ட’. கைப்பையாக எடுத்துப்போனதல்ல என்பதையும் அதுவே சொல்லிவிடுகிறது. முதல் பத்தி இப்படி இருக்கலாம்:

```
Sehr geehrte Damen und Herren,

am 08.03.2025 bin ich mit den Flügen XX 123 und XX 456
von Chennai nach Hamburg gereist. Mein aufgegebener
Koffer ist bislang nicht angekommen. Ich habe dies noch
am selben Tag am Flughafen Hamburg gemeldet.
```

‘பிஸ்லாங் நிஷ்ட் ஆன்கெகோமன்’ என்ற இடத்தைப் பாருங்கள். ‘இதுவரை வந்துசேரவில்லை’ என்பதுதான் பொருள். தொலைந்தது என்றும் சொல்லவில்லை, வரும் என்றும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆறாம் நாளின் உண்மை நிலை அவ்வளவுதான். விளிக்குப் பின் வருவது காற்புள்ளி. ஆகவே அடுத்த வரி சிறிய எழுத்தில் தொடங்குகிறது. ஆங்கிலப் பழக்கத்தில் அதைப் பெரிய எழுத்தாக மாற்றிவிடாதீர்கள். ‘ஐயா’ என்பதற்கு ஈடு தேட வேண்டாம். ‘மதிப்பிற்குரிய சீமாட்டிகளே, சீமான்களே’ என்ற அந்த வழக்கமான விளியே போதுமான மரியாதை.

இப்போது, உங்கள் கடிதத்தில் இல்லாத ஒரு வரி. எனக்குக் கேட்டால் மிக முக்கியமானது அதுதான். தொடர்பு முகவரி ஹாம்பர்க் வீடு என்று கொடுத்திருப்பீர்கள். அதைப் பார்த்ததும் மேசையில் இருப்பவர் நினைப்பது: ‘இவர் வீடு திரும்பியிருக்கிறார், அலமாரியில் துணி இருக்கும், மாற்று உடை வாங்க என்ன அவசியம்?’ வீடு திரும்பும் பயணத்தில் பெட்டி தாமதமானால், அவசரத்துக்கு வாங்கிய பொருள்களின் பில்லை நிறுவனங்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை. உங்கள் அம்மாவின் வீடு சென்னையில் இருக்கிறது. மார்ச் மாத ஹாம்பர்க் குளிரில் ஒரு கம்பளிச் சட்டைகூட இல்லாமல் நிற்கிறார். அதை ‘மிகுந்த மன உளைச்சல்’ என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். ஜெர்மன் கடிதத்தில் அந்தத் தவிப்பை உணர்ச்சிச் சொல்லாகச் சொன்னால் படிப்பவர் கண் அதைத் தாண்டிப் போய்விடும். உளைச்சலுக்கென்று தனித் தொகையும் எளிதில் பெயராது. அதே தவிப்பை ஒரு தகவலாக எழுதினால் அது பணத்துக்கான காரணமாகிறது.

```
Ich bin zu Besuch in Hamburg; mein Wohnsitz ist Chennai.
Ersatzkleidung steht mir hier nicht zur Verfügung.
Deshalb musste ich notwendige Ersatzkäufe tätigen
(bisher insgesamt 148,60 €, Belege anbei).
```

148,60 என்பது நான் போட்ட எடுத்துக்காட்டு; காற்புள்ளிக்குப் பின் வருவது சென்ட். அது வந்த விதம்: பற்பசை, சோப்பு, சீப்பு 18,30 யூரோ, உள்ளாடைகளும் காலுறைகளும் 46,95, கம்பளி மேல்சட்டை 59,95, மருந்துக்கடையில் 23,40. ஒவ்வொன்றுக்கும் பில் வேண்டும், பில்லில் தேதி வேண்டும். பெட்டி வராத நாள்களுக்குள் அந்தத் தேதி விழ வேண்டும். சோப்பு, பற்பசைக்கு முழுத்தொகையும் பொதுவாகக் கிடைக்கும். துணிக்குப் பாதிதான் தருவோம் என்று சொல்வார்கள். பெட்டி வந்த பிறகும் அந்தத் துணி உங்களிடமே இருக்கும் அல்லவா என்பது அவர்கள் வாதம். அதில் கொஞ்சம் நியாயம் உண்டு. சென்னைக்குத் திரும்பினால் அந்தக் கம்பளிச் சட்டையை அம்மா எங்கே போடப்போகிறார் என்று கேட்க உங்களுக்கும் நியாயம் உண்டு. பாதிதான் என்று பதில் வந்தால் அடுத்த கடிதத்தில் அதைக் கேளுங்கள். தினமும் இவ்வளவு யூரோ என்று ஒரு படித்தொகை உடன்படிக்கையில் எங்கும் இல்லை. அப்படி ஒன்று இருப்பதாக உறவினர் யாராவது சொன்னால் நம்பிப் பில்லைத் தூக்கியெறிந்துவிட வேண்டாம்.

கடைசி வரி. ‘தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்’ நம் அலுவலகத் தமிழின் நெடுங்கால வழக்கு. தமிழில் யாரும் அதைத் தாழ்வாக எடுத்துக்கொள்வதில்லை. அது ஒரு முத்திரைத் தொடர், அவ்வளவே. அதையே ஜெர்மனில் டேம்யூட்டிஷ் என்று வைத்தால் தேவாலயத்தில் மண்டியிட்டு வேண்டும் ஒலி வருகிறது. ‘இஷ் பிட்டெ’ என்பதே மரியாதையான கோரிக்கை. அதற்கு மேல் குனிய வேண்டாம். ‘ஆவன செய்யுமாறு’ என்பதும் நமக்கு வசதியான தொடர். என்ன செய்ய வேண்டும் என்பதைக் கேட்பவரே தெரிந்துகொள்வார் என்று விட்டுவிடுகிறோம். ஜெர்மன் மேசையில் எதைக் கேட்கிறீர்களோ அதுதான் நடக்கும், கேட்காதது நடக்காது. ‘உடனே’ என்பதற்கும் அங்கே எடை குறைவு. நாளைக் குறிப்பிட்டுக் கெடு வைப்பதுதான் அவர்கள் வழக்கம். நமக்கு அது மிரட்டல்போலத் தோன்றும். அவர்களுக்கு அது நாட்காட்டியில் குறித்துக்கொள்ள வேண்டிய ஒரு தேதி. இரண்டு வாரம் நியாயமான அளவு.

```
Ich bitte um Erstattung dieser Auslagen sowie um Auskunft
über den Stand der Nachforschung bis zum 28.03.2025.
Weitere Ansprüche, auch für den Fall des endgültigen
Verlusts, behalte ich mir vor.

Mit freundlichen Grüßen
```

முடிவில் உள்ள வாக்கியத்தை வெட்டிவிடாதீர்கள். ‘மற்ற உரிமைகளையும், பெட்டி ஒரேயடியாகத் தொலைந்துபோனால் அதற்கான உரிமையையும் விட்டுக்கொடுக்கவில்லை’ என்பது அதன் கருத்து. 148 யூரோவைப் போட்டுவிட்டுக் கணக்கை முடித்தோம் என்று அவர்கள் சொல்லாமல் இருக்க அது காப்பு. ‘அன்புடன்’ என்ற இடத்தில் வரும் அந்த வணக்கத் தொடருக்குப் பின் காற்புள்ளி கிடையாது. விசைப்பலகையில் புள்ளி வைத்த எழுத்துகளும் ß எழுத்தும் இல்லையென்றால் ae, oe, ue, ss என்று தட்டலாம். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

மருந்தைப் பற்றி ஒன்று. அம்மா தினமும் சாப்பிடும் மாத்திரை அந்தப் பெட்டியில் மாட்டிக்கொண்டது என்றால் அதைத் தனி வாக்கியமாக எழுதுங்கள். தேடுதலில் அது சில வேளை முன்னுரிமை பெற்றுத் தரும். ஆனால் ‘மருந்தைக் கைப்பையில் அல்லவா வைத்திருக்க வேண்டும்’ என்ற பதிலுக்கும் தயாராக இருங்கள். இங்கே மருத்துவரைப் பார்த்து எழுதி வாங்கியிருந்தால் அந்தச் செலவையும் பில்லோடு சேர்க்கலாம்.

இனி இரண்டாவது கடிதம். அது தேவைப்படாமலே போகலாம். தாமதமாகும் பெட்டிகளில் பெரும்பாலானவை முதல் சில நாள்களிலேயே வந்துவிடுகின்றன. இருந்தாலும் கணக்கைச் சொல்லிவைக்கிறேன். 8ஆம் தேதியிலிருந்து 21 நாள் 29ஆம் தேதியோடு முடிகிறது. 30ஆம் தேதியிலிருந்து நீங்கள் ‘தொலைந்துவிட்டது’ என்று தாராளமாக எழுதலாம்.

```
Mein Koffer ist auch 21 Tage nach der planmäßigen Ankunft
nicht eingetroffen. Ich mache daher Schadensersatz wegen
Verlusts nach Art. 17 des Montrealer Übereinkommens geltend.
```

இங்கேதான் உங்கள் 80,000 ரூபாய் வருகிறது. கூடவே ஆபத்தும் வருகிறது. ஜெர்மனில் எண்களில் காற்புள்ளி வைத்தால் அது தசமப் புள்ளி. 80,000 என்று எழுதினால் அவர்கள் கண்ணுக்கு அது எண்பது ரூபாய். தசமத்துக்குப் பிறகு மூன்று பூச்சியம். எண்பது ரூபாய் என்றால் ஒரு யூரோகூட இல்லை. ஆயிரத்தைப் பிரிக்க அங்கே புள்ளி: 80.000. நம் லட்சக் காற்புள்ளி இன்னும் குழப்பம். 1,25,000 என்பதை எப்படிப் படிப்பது என்று அவர்களுக்குத் தெரியாது.

அதைவிட, ‘சுமார்’ என்ற மொத்தத் தொகை எங்கும் செல்லாது. பொருள் பொருளாகப் பட்டியல் வேண்டும்: என்ன பொருள், எப்போது வாங்கியது, என்ன விலை, பில் உண்டா. புடவைக்கு இப்படி:

```
1 Seidensari (Kanchipuram, handgewebt), gekauft im
November 2022, Kaufpreis 18.500 INR, Rechnung anbei
```

வெறுமனே ‘ஸாரி’ என்று விட்டால் பத்து யூரோத் துணி என்று நினைத்துக்கொள்வார்கள். பட்டு, கைத்தறி, காஞ்சிபுரம் ஆகிய மூன்றும் விலையை விளக்கும் சொற்கள். கடைப் பில் இல்லையென்றால், அதே புடவையை உடுத்தி விசேஷத்தில் எடுத்த படமாவது இணையுங்கள். பழைய பொருளுக்குப் புதிய விலை கிடைக்காது. ஜெர்மன் வழக்கில் கணக்கிடுவது ட்ஸைட்வேர்ட், அதாவது இன்றைய நிலையில் அதன் மதிப்பு. மூன்று ஆண்டு உடுத்திய சாதாரணத் துணிக்கு விலை வெகுவாக இறங்கும். இரண்டு முறை கட்டிய பட்டுக்கு அப்படி இறங்கக் கூடாது என்று வாதாட இடமுண்டு. அதனால்தான் வாங்கிய மாதத்தோடு, எத்தனை முறை உடுத்தியது என்பதையும் ஒரு சொல்லில் சேர்க்கச் சொல்வேன்.

உச்சவரம்பும் உண்டு. ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். வரை. 2024 டிசம்பர் 28 முதல் இந்த அளவு. அதற்கு முன் 1,288. எஸ்.டி.ஆர். என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. 1,519 என்பது நாணய மதிப்பைப் பொறுத்து ஏறத்தாழ 1,750 முதல் 1,900 யூரோ வரை வரும். தாமதச் செலவும் இழப்பும் மன உளைச்சலும் எல்லாம் சேர்ந்தே இந்த வரம்புக்குள் அடங்க வேண்டும். பெட்டியைக் கொடுக்கும்போதே அதிக மதிப்பை அறிவித்துக் கட்டணம் கட்டியிருந்தால்தான் அதைத் தாண்ட முடியும். இது உச்சவரம்புதானே தவிர, பெட்டி தொலைந்தவருக்கெல்லாம் கொடுக்கும் மொத்தத் தொகை அல்ல என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2020இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. உங்கள் 80,000 ரூபாய் 2025 மார்ச் மாத மதிப்பில் ஏறத்தாழ 850 யூரோ, வரம்புக்குள்தான் இருக்கிறது. மெய்ப்பிப்பதுதான் வேலை.

நெய். இதை நான் சொல்லாமல் விட முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணி பால் பொருள்களும் இறைச்சிப் பொருள்களும் கொண்டுவரத் தடை இருக்கிறது. வீட்டில் காய்ச்சிய நெய்யும் பால்கோவாவும் அதில் அடங்கும். கருவாட்டுக்கு இந்தத் தடை இல்லை. மீன் பொருள் 20 கிலோ வரை கொண்டுவரலாம் என்பது விசித்திரமாகத் தோன்றினாலும் விதி அப்படித்தான். பச்சைக் கருவேப்பிலைக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். பொடி வகைகளால் தொல்லை இல்லை. ஆக, ‘இரண்டு கிலோ நெய், விலை இவ்வளவு’ என்று ஜெர்மனில் பட்டியலிட்டு அனுப்புவது, கொண்டுவரக் கூடாததைக் கொண்டுவந்தேன் என்று கையெழுத்திட்டுக் கொடுப்பதாகும். பொய்ப் பட்டியல் எழுதச் சொல்லவில்லை; உள்ளே என்ன இருந்தது என்று நேரடியாகக் கேட்டால் உள்ளதைச் சொல்ல வேண்டும். அதற்கு இழப்பீடு கேட்காதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான். பெட்டியை அடையாளம் காண உதவும் பொருள்களைத் தேடுபவர்கள் கேட்கும்போது, எவர்சில்வர் இட்லிக் கொப்பரை, சிவப்புக் கரை போட்ட துண்டு போன்றவற்றைச் சொல்லுங்கள். ஹாம்பர்க் கிடங்கில் இட்லிக் கொப்பரை உள்ள பெட்டி அநேகமாக ஒன்றுதான் இருக்கும்.

நகை இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்திருந்தால் அதற்குத் தனி வழக்கே நடக்கும். மதிப்புள்ள பொருளை ஒப்படைக்கும் பெட்டியில் வைத்தது பயணியின் கவனக்குறைவு என்று சொல்லித் தொகையைக் குறைப்பார்கள்.

அனுப்புவது யாருக்கு? இடையில் விமானம் மாறியிருந்தால் முதல் பகுதியை ஓட்டிய நிறுவனமோ கடைசிப் பகுதியை ஓட்டிய நிறுவனமோ, யாரிடமும் கேட்கலாம். நடைமுறையில் ஹாம்பர்க்கில் கொண்டுவந்து இறக்கிய நிறுவனத்துக்கே எழுதுங்கள். கோப்பு அவர்களிடம்தான் இருக்கிறது. விமான நிலைய மேசையில் இருப்பவர் பல நேரம் தரைப்பணி ஒப்பந்தக்காரரின் ஆள். தேடுவார், பணம் தர அவருக்கு அதிகாரமில்லை. ஆகவே அந்த மேசைக்கு ஒரு நகல், நிறுவனத்தின் பெட்டிப் பிரிவுக்கு மூலக் கடிதம். இணையப் படிவம் மூலம்தான் ஏற்போம் என்றால் அதில் ஒட்டுங்கள். ‘பெற்றுக்கொண்டோம்’ என்று வரும் திரையைப் படமெடுத்து வையுங்கள். இரண்டு மாதமாகியும் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் பெர்லினில் உள்ள ஷ்லிஷ்டுங்ஸ்ஷ்டெல்லெ ரைஸெ உண்ட் ஃபெர்கேர் என்ற சமரச அமைப்பிடம் போகலாம், பயணிக்குக் கட்டணமில்லை. நீதிமன்றம் என்றால் வந்திறங்கிய நாளிலிருந்து இரண்டு ஆண்டு. உங்கள் கணக்கில் 2027 மார்ச் 8க்குள்.

ஒருவேளை இந்தப் பதிலை நீங்கள் படிக்கும்போதே வாசலில் மணி அடித்துப் பெட்டி வந்துவிட்டால், கதை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். தாமதத்துக்கான முறையீட்டுக்கு வேறொரு 21 நாள் இருக்கிறது. இது பெட்டி கைக்கு வந்த நாளிலிருந்து ஓடுகிறது. அதற்குள் எழுத்தில் போகவில்லையென்றால் அந்த 148 யூரோவைக் கேட்கும் உரிமையே போய்விடும். முன்பே எழுதியது இருக்கிறதே, விமான நிலையத்தில் படிவமும் கொடுத்தோமே என்று நம்பியிருக்காமல், பெட்டி வந்த தேதியைக் குறிப்பிட்டு, இறுதிச் செலவுத் தொகையோடு அதே கடிதத்தை மறுபடி அனுப்புங்கள். சக்கரம் உடைந்தோ ஓடு பிளந்தோ வந்திருந்தால் அது மூன்றாவது வகை, சேதம். அதற்குக் கெடு ஏழே நாள். கொண்டுவருபவர் நீட்டும் தாளில் கையெழுத்திடும் முன்பு, அவர் நிற்கும்போதே பெட்டியை நான்கு பக்கமும் திருப்பிப் பாருங்கள். உடைசல் இருந்தால் அதைத் தாளிலேயே எழுதச் சொல்லுங்கள். கைப்பிடியில் தொங்கும் சீட்டைக் கிழித்து எறியாமல் எடுத்து வையுங்கள்.